தினசரி மாத்திரை நடுவில் தீர்ந்துபோகாமல் இருக்க: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சுகர், பிரஷர், இதயம், தைராய்டு என்று வருடக்கணக்கில் மாத்திரை சாப்பிடுபவர்களின் வீட்டார் மருந்துக் கடையில் என்னிடம் கேட்கும் கேள்விகள் இவை. நான் மருந்தாளுநர். அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் நிறுத்துவதும் உங்கள் மருத்துவரின் வேலை. இருக்கும் மாத்திரையை எண்ணி, தீரும் முன்பே அடுத்ததை வாங்கிவைப்பதைப் பற்றி மட்டும் இங்கே எழுதுகிறேன்.

மாதா மாதம் ஒன்றாம் தேதி தவறாமல் வாங்குகிறோம். அப்படியும் கடைசியில் இரண்டு மூன்று நாள் மாத்திரை இல்லாமல் போகிறதே, ஏன்?

உங்கள் அட்டையைத் திருப்பி எண்ணிப் பாருங்கள். பத்து மாத்திரை அட்டை உண்டு, பதினைந்து உண்டு, பதினான்கும் உண்டு. தினம் ஒன்று சாப்பிடும் மாத்திரை பதினான்கு மாத்திரை அட்டையில் வந்தால் இரண்டு அட்டை என்பது 28 நாள்தான். வருடத்துக்கு 24 அட்டை வாங்கினால் 336 மாத்திரை. 365 நாளில் மீதி 29 நாளைக்கு மாத்திரையே இல்லை. பத்து மாத்திரை அட்டை மூன்று வாங்குபவருக்கும் வருடத்தில் ஐந்து நாள் துண்டு விழும், ஏழு மாதங்களுக்கு 31 நாள் இருப்பதால்.

"ஒரு மாசத்துக்குக் கொடுங்க" என்று கடையில் கேட்கும் பழக்கம்தான் இதற்குக் காரணம். கேட்பவர் மனத்தில் மாதம் இருக்கிறது, கொடுப்பவர் கையில் அட்டை இருக்கிறது, இரண்டும் ஒன்றல்ல. அதற்குப் பதிலாக "ஜூலை 10 வரைக்கும் வரணும், கையில் ஒன்பது இருக்கு" என்று கேளுங்கள். அப்படிக் கேட்டால் எந்தக் கடையிலும் சரியாக எண்ணித் தருவார்கள்.

எத்தனை நாளைக்கு வரும் என்று எப்படி எண்ணுவது?

கையில் இருப்பதை ஒரு நாளைக்குச் சாப்பிடுவதால் வகுங்கள். 22 மாத்திரை, காலை ஒன்று இரவு ஒன்று என்றால் 11 நாள். தவறு நடப்பது வகுத்தலில் இல்லை. எந்த நேரத்தில் எண்ணினோம் என்பதில்தான். காலை மாத்திரையைப் போட்ட பிறகு எண்ணியவர் அன்றைய நாளையும் சேர்த்துக்கொள்வார், தேதி ஒரு நாள் பிசகிவிடும். அதனால் இரவு மாத்திரை போட்டு முடித்த பிறகு எண்ணுங்கள். முதல் நாள் நாளை.

அரை மாத்திரை சாப்பிடுபவர்கள் உடைத்துவைத்த பாதியையும் சேர்த்து எண்ணுங்கள். காலை அரை, இரவு அரை என்றால் ஒரு நாளைக்கு ஒன்று. ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்றால் பத்து மாத்திரை இருபது நாளைக்கு வரும். ரத்தம் உறையாமல் இருக்க அசெனோகூமரால் சாப்பிடுபவர்களில் சிலருக்குத் திங்கள் முதல் வெள்ளி வரை ஓர் அளவு, சனி ஞாயிறு வேறு அளவு என்று இருக்கும். அவர்கள் ஒரு வாரத்துக்கு மொத்தம் எத்தனை மாத்திரை என்று கூட்டி, வாரக் கணக்கில் போவது நல்லது.

வந்த விடையை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டாம். தீரும் தேதியை அட்டையின் மேலேயே பேனாவால் எழுதிவிடுங்கள். "11 நாள்" என்று எழுதினால் நாளைக்கே அது பொய்யாகிவிடும். "ஜூன் 13 இரவோடு தீரும்" என்று எழுதினால் என்றைக்குப் பார்த்தாலும் உண்மை.

இன்னொன்று. அட்டை இருக்கிறது என்று பார்ப்பது எண்ணுவதாகாது. என் அப்பாவுக்கு மெட்டோப்ரோலால் என்ற இதய மாத்திரை தீர்ந்தது ஒரு போகி அன்று. மேசை இழுப்பறையில் வெள்ளி நிறத்தில் இன்னோர் அட்டை கிடந்ததால் இருக்கிறது என்றே நினைத்திருந்தோம். எடுத்துப் பார்த்தால் அது கொலஸ்ட்ரால் மாத்திரை. பொங்கலுக்குக் கடைகள் மூடியிருந்தன, நாங்களும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. காணும் பொங்கல் அன்று மதியம் படபடப்பு என்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். நாடித்துடிப்பு 110-க்கு மேல். மருத்துவமனையில் மாத்திரையைத் திரும்ப ஆரம்பித்ததும் சரியானது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யாரும் கண்ணால் பார்த்துவிட்டு "இருக்கு" என்று சொல்வதில்லை.

அம்மாவுக்கு ஆறு மாத்திரை. ஒவ்வொன்றும் ஒவ்வொரு நாள் தீர்கிறது. வாரத்துக்கு ஒருமுறை கடைக்கு ஓட வேண்டியிருக்கிறது. ஒரே நாளில் வாங்க முடியுமா?

முடியும். ஒரே ஒரு மாதம் கொஞ்சம் ஏறுக்குமாறாக வாங்கினால் போதும், அடுத்த மாதத்திலிருந்து எல்லாம் ஒரே தேதிக்கு வந்துவிடும்.

முதலில் இரண்டு தேதிகளை முடிவு செய்யுங்கள்: கடைக்குப் போகும் தேதி, மருந்து எதுவரை இருக்க வேண்டும் என்ற தேதி. மாதம் 3-ஆம் தேதி வாங்குவது, அடுத்த மாதம் 10-ஆம் தேதி வரை இருப்பது என்று வைத்துக்கொள்வோம். இடையில் உள்ள ஏழு நாள்தான் உங்கள் கையிருப்பு.

ஜூன் 2 இரவு மாத்திரை போட்ட பிறகு எண்ணுகிறீர்கள். மெட்ஃபார்மின் 22, தினம் இரண்டு. டெல்மிசார்டன் 9, தினம் ஒன்று. குளோபிடோக்ரெல் 14, தினம் ஒன்று. அடோர்வாஸ்டாடின் 26, இரவு ஒன்று. மெட்டோப்ரோலால் 6, தினம் ஒன்று. தைராய்டு புட்டியில் 41.

ஜூன் 3 முதல் ஜூலை 10 வரை 38 நாள். தினம் ஒன்று சாப்பிடும் எதுவும் 38 வேண்டும், மெட்ஃபார்மின் மட்டும் 76. டெல்மிசார்டன் 38-இல் 9 போக 29 வேண்டும், பதினைந்து மாத்திரை அட்டை இரண்டு வாங்கினால் சரி. மெட்ஃபார்மின் 54 வேண்டும், பதினைந்து அட்டை நான்கு. குளோபிடோக்ரெல் 24 வேண்டும், பதினைந்து அட்டை இரண்டு, ஆறு மிஞ்சும். அடோர்வாஸ்டாடின் 12-தான் குறைகிறது, அதனால் பதினைந்து அட்டை ஒன்றே போதும். மெட்டோப்ரோலால் 32 வேண்டும். அது பத்து மாத்திரை அட்டையில் வந்தால் மூன்று அட்டை வாங்கி இரண்டு மாத்திரை துண்டு விழுவதைவிட நான்கு வாங்குங்கள். தைராய்டு இந்த மாதம் வாங்கவே வேண்டாம்.

ஜூலை 2 இரவு மறுபடி எண்ணுங்கள். எல்லாமே குறைந்தது ஒன்பது நாளைக்கு இருக்கும், சில இன்னும் அதிகமாகவே இருக்கும். இனி ஆகஸ்ட் 10 வரை எவ்வளவு குறைகிறதோ அதை மட்டும் வாங்கினால் போதும். மிஞ்சிய மாத்திரை வீணாகாது, அடுத்த மாதக் கணக்கில் தானாகக் கழிந்துவிடும்.

கடையில் அட்டையைக் கத்தரித்துக் கொடுத்தால் காலாவதித் தேதியும் பேட்ச் எண்ணும் அச்சிட்ட ஓரம் உங்கள் துண்டில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் பில்லில் அவை இருக்கும். பில்லை அந்தத் துண்டோடு சேர்த்து ரப்பர் பேண்டு போட்டு வையுங்கள். வீட்டிலும் தேதி அச்சிட்ட ஓரத்து மாத்திரையைக் கடைசியாகப் பிரியுங்கள்.

ஏழு நாள் கையிருப்பு போதுமா? மூன்று மாதத்துக்கு மொத்தமாக வாங்கிப் போட்டுவிட்டால் நிம்மதிதானே?

சாதாரண நாளில், கடை பக்கத்திலேயே இருப்பவர்களுக்கு ஏழு நாள் போதும். கேட்ட பிராண்ட் கடையில் இல்லையென்றால் வரவழைக்க ஒன்றிரண்டு நாள் ஆகும். நடுவில் ஒரு ஞாயிறு வரலாம், வாங்கிவருபவருக்கே காய்ச்சல் வரலாம். ஏழு நாளில் இதெல்லாம் அடங்கிவிடும்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை பதினான்கு நாளாக்குங்கள், கடலோர மாவட்டங்களில் இருப்பவர்கள் கண்டிப்பாக. 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் பல தெருக்களில் நாள்கணக்கில் தண்ணீர் வடியவில்லை. கடை திறந்திருந்தாலும் போய்ச் சேர முடியாது. செப்டம்பர் கடைசியில் வாங்கும்போதே அந்தக் கூடுதல் ஒரு வாரத்தைச் சேர்த்துவிடுங்கள். மாத்திரை டப்பாவைத் தரைமட்ட அலமாரியில் வைக்காதீர்கள்.

மூன்று மாதத்துக்கு வாங்குவதில் ஒரு சிக்கல் இருக்கிறது. சுகருக்கும் தைராய்டுக்கும் ரத்தப் பரிசோதனை பார்த்து மருத்துவர் அளவை மாற்றுவார். 75 மைக்ரோகிராம் தைராய்டு புட்டியைப் புதிதாக உடைத்த அடுத்த வாரம் 100 ஆக்கிவிட்டால் நூற்றுச் சொச்சம் மாத்திரை அப்படியே நிற்கும். பணம் போவதைவிடப் பெரிய ஆபத்து, பழைய அளவும் புதிய அளவும் ஒரே டப்பாவில் கிடப்பது. அதனால் பரிசோதனை நெருங்கும் மாதத்தில் ஏழு நாள் கையிருப்போடு நிறுத்திக்கொள்ளுங்கள். முடிவு வந்த பிறகு, அளவு மாறவில்லை என்றால் இரண்டு மூன்று மாதத்துக்கு வாங்கலாம்.

இன்சுலினை எப்படிக் கணக்குப் போடுவது? ஒரு கார்ட்ரிட்ஜில் 300 யூனிட், தினம் 30 போடுகிறோம், பத்து நாள் வரவேண்டும். வருவதே இல்லை.

இன்சுலின் பேனாவில் போடுகிறவர்கள் ஒவ்வொரு முறையும் ஊசியில் காற்று போக 2 யூனிட் வெளியே தள்ளிப் பார்ப்பீர்கள். அதைக் கணக்கில் சேர்க்கவில்லை. காலை 18, இரவு 12 என்றால் உண்மையில் செலவாவது 20-உம் 14-உம், ஆக 34. 300 யூனிட் எட்டு நாளும் ஒன்பதாம் நாள் காலையும்தான் வரும். மூன்று கார்ட்ரிட்ஜ் வாங்கி 30 நாள் ஓட்டலாம் என்று நினைப்பவருக்கு 26-ஆம் நாள் வாக்கில் தீர்ந்துவிடும். நான்கு வேண்டும். சேமிக்கலாம் என்று அந்த 2 யூனிட்டைத் தள்ளாமல் போடாதீர்கள். காற்று இருந்தால் உள்ளே போகும் மருந்து குறையும்.

குறைந்த அளவு போடுகிறவர்களுக்கு நேர்மாறான பிரச்சினை. நம் ஊரில் கிடைக்கும் 10 மில்லி குப்பி பெரும்பாலும் மில்லிக்கு 40 யூனிட், மொத்தம் 400. தினம் 10 யூனிட் போடுபவருக்கு எண்ணிக்கைப்படி 40 நாள். ஆனால் திறந்த குப்பியைப் பெரும்பாலான வகைகளில் 28 நாளுக்கு மேல் வைத்துப் போடக்கூடாது, வகைக்கு வகை இது மாறும், பெட்டிக்குள் இருக்கும் தாளில் போட்டிருக்கும். எண்ணிக்கைப்படி வரும் நாள், திறந்தபின் தாங்கும் நாள், இரண்டில் எது குறைவோ அதுதான் உங்கள் கணக்கு. திறந்த தேதியைக் குப்பியின் லேபிளில் எழுதுங்கள்.

ஊசிகளையும் கூடவே எண்ணுங்கள். மருந்து இருந்து ஊசி இல்லாமல் போய் இரவு பத்து மணிக்குக் கதவைத் தட்டியவர்கள் நிறையப் பேர். அவசரத்துக்குப் பேனாவுக்குப் பதில் குப்பி வாங்கினால், மில்லிக்கு 40 யூனிட் குப்பிக்கு 40 யூனிட் சிரிஞ்சையே கேட்டு வாங்குங்கள். பேனாவில் இருப்பது பெரும்பாலும் மில்லிக்கு 100, சிரிஞ்ச் மாறினால் அளவே மாறிவிடும்.

அப்பாவின் இன்ஹேலர் தீர்ந்ததா என்று குலுக்கிப் பார்த்துத்தான் சொல்கிறோம். சரியா?

சரியில்லை. மருந்து தீர்ந்த பிறகும் உள்ளே வாயு இருக்கும், குலுக்கினால் சத்தமும் வரும், அழுத்தினால் புகையும் வரும். எண் காட்டும் இன்ஹேலராகக் கேட்டு வாங்குங்கள். இல்லையென்றால் டப்பாவில் எத்தனை முறை என்று போட்டிருக்கும். 120 என்றால், காலை இரண்டு இரவு இரண்டு இழுப்பவருக்கு 30 நாள். ஆரம்பித்த தேதியையும் தீரும் தேதியையும் அதன் மேலேயே ஒட்டுங்கள்.

கணக்குப்படி மாத்திரை தீர்ந்திருக்க வேண்டும். ஆனால் இன்னும் எட்டு இருக்கிறது. எண்ணியதில் தப்பா?

இருக்கலாம், மறுபடி எண்ணிப் பாருங்கள். எண்ணிக்கை சரியென்றால், எட்டு வேளை சாப்பிடவில்லை என்று அர்த்தம். இது மாத்திரையை எண்ணுவதால் கிடைக்கும் ஒரு பெரிய பயன், பலர் கவனிப்பதில்லை. "தவறாம சாப்பிடுறேன்டா" என்று அம்மா மனசாரச் சொல்வார், அவர் பொய் சொல்லவில்லை, மறந்ததே நினைவில்லை. எந்த மாத்திரை மிஞ்சுகிறது என்று பாருங்கள். இரவு மாத்திரை மட்டும் மிஞ்சினால் டிவி பார்த்தபடி தூங்கிவிடுகிறார். மெட்ஃபார்மின் மட்டும் மிஞ்சினால் வயிறு ஒத்துக்கொள்ளாமல் ஒதுக்குகிறாராக இருக்கலாம். மருத்துவரிடம் போகும்போது அந்த எண்ணைச் சொல்லுங்கள். அது தெரியாமல் சுகர் ஏறியிருக்கிறதே என்று அவர் அளவைக் கூட்டிவிட வாய்ப்பிருக்கிறது.

தீர வேண்டிய தேதிக்கு முன்பே தீர்ந்தால் இன்னும் கவனம் வேண்டும். போட்டதை மறந்து மறுபடி போட்டிருக்கலாம். அந்த வீட்டில் மாத்திரையை இனி வேறு ஒருவர் எடுத்துக்கொடுப்பதுதான் நல்லது.

மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வந்து கொடுக்கிறார்கள். அதற்கும் இந்தக் கணக்கு வேண்டுமா?

வேண்டும். 2021-இல் தொடங்கிய இந்தத் திட்டத்தால் சுகர், பிரஷர் மாத்திரைக்காக வெயிலில் வரிசையில் நின்ற எத்தனையோ பெரியவர்களின் அலைச்சல் குறைந்திருக்கிறது. ஆனால் ஊழியர் வரும் நாள் ஒன்றிரண்டு நாள் முன்பின் ஆகலாம். அவர் வரும்போது நீங்கள் மகள் வீட்டுக்குப் போயிருக்கலாம். கொடுத்ததை அவர் எதிரிலேயே எண்ணி, தீரும் தேதியை எழுதிவிடுங்கள். தீர ஒரு வாரம் இருக்கும்போதும் அவர் வரவில்லை என்றால் காத்திருக்காமல் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சிகிச்சைப் புத்தகத்தோடு போங்கள். ஊருக்குப் போவதாக இருந்தால் முன்கூட்டியே அவரிடம் சொல்லிவையுங்கள்.

இதய மாத்திரையைத் தனியார் மருத்துவரிடமும் சுகர் மாத்திரையை அரசிலும் வாங்குபவர்கள் இரண்டையும் ஒரே தாளில் எழுதுங்கள். ஒரே மருந்து இரண்டு பெயரில் இரண்டு இடத்திலிருந்தும் வந்து, இரண்டையும் சாப்பிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சீட்டு பழசு என்று கடையில் தர மறுக்கிறார்கள். அது ஏன்?

நீங்கள் சாப்பிடும் மாத்திரைகளில் பெரும்பாலானவை மருத்துவர் சீட்டுக்கு மட்டுமே விற்க வேண்டியவை. சீட்டில் ஒரு மாதம் என்று எழுதியிருந்து எட்டு மாதம் கழித்து நீட்டினால் தயங்கத்தான் வேண்டும். அல்பிரசோலம், டயசெபம் போன்றவற்றுக்கு மருத்துவர் பெயர், நோயாளி பெயர், அளவு எல்லாம் தனிப் பதிவேட்டில் எழுத வேண்டும், அதில் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். மருத்துவரைப் பார்க்கும்போது "அடுத்த தடவை எப்போது வரவேண்டும்?" என்று கேட்டு, அந்தத் தேதிக்கும் பத்து நாள் கூடுதலாக மாத்திரையைச் சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். அவர் வெளியூர் போய்விட்டாலும் சமாளிக்கலாம். மாத்திரை தீரும் தேதியை மட்டுமல்ல, சீட்டு முடியும் தேதியையும் நாட்காட்டியில் குறியுங்கள்.

எல்லாம் சரி, இப்போது தீர்ந்தே விட்டது. நாளைக்குத்தான் வாங்க முடியும். என்ன செய்வது?

எந்த மாத்திரை என்பதைப் பொறுத்தது. தைராய்டு மாத்திரை உடம்பில் பல நாள் தங்கும், ஒரு நாள் விட்டால் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. கொலஸ்ட்ரால் மாத்திரையும் அப்படித்தான். ஆனால் இவற்றை நாளைக்கு என்று தள்ளாதீர்கள்: ஸ்டென்ட் வைத்தவரின் குளோபிடோக்ரெல், ஆஸ்பிரின், மெட்டோப்ரோலால் வகையைச் சேர்ந்த இதய மாத்திரைகள், வலிப்பு மாத்திரை, நெடுநாள் சாப்பிடும் ஸ்டீராய்டு, இன்சுலின், ரத்தம் உறையாமல் இருக்கத் தருபவை. ஸ்டென்டில் ரத்தம் உறைந்தால் மாரடைப்பு, வலிப்பு மாத்திரை நின்றால் வலிப்பு. இரவு எத்தனை மணி ஆனாலும் ஏதாவது ஒரு மருத்துவமனையின் மருந்தகம் திறந்திருக்கும், அங்கே போங்கள்.

உங்கள் பிராண்ட் இல்லையென்றால் அதே மருந்து வேறு பெயரில் இருக்கும். அட்டையின் பின்புறம் சின்ன எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரைக் காட்டிக் கேளுங்கள். மில்லிகிராம் ஒன்றாக இருக்க வேண்டும், பெயருக்குப் பின்னால் வரும் எக்ஸ்எல், எஸ்ஆர் போன்ற எழுத்துகளும் ஒன்றாக இருக்க வேண்டும். மெதுவாகக் கரையும் மாத்திரைக்குப் பதில் சாதாரணத்தைச் சாப்பிட்டால் அளவு மொத்தமாக ஏறிவிடும். மூன்று நாளைக்கு மட்டும் வெட்டி வாங்கிக்கொண்டு உங்கள் பிராண்டை வரவழைக்கலாம்.

விட்டுப்போன வேளைக்குச் சேர்த்து இரண்டாகப் போடாதீர்கள். மேலே சொன்ன மாத்திரைகளில் ஏதாவது இரண்டு நாளுக்கு மேல் நின்றிருந்தால், திரும்பத் தொடங்கும் முன் மருத்துவருக்கு ஒரு போன் செய்துவிடுங்கள். வலிப்பு மாத்திரைகளில் லாமோட்ரிஜின் சில நாள் நின்றுபோனால் பழைய முழு அளவில் சட்டென்று தொடங்கக்கூடாது, சிறிய அளவிலிருந்து ஏற்ற வேண்டியிருக்கும்.

அம்மா இரண்டு மாதம் தம்பி வீட்டுக்குப் போகிறார். மாத்திரையைப் பெட்டியில் வைத்துவிடலாமா?

வேண்டாம், கைப்பையில். பெட்டி தவறலாம், பஸ்ஸின் அடியில் சூடேறலாம். முழு மாத்திரையையும் அட்டையோடு, சீட்டின் ஒரு நகலோடு அனுப்புங்கள். பிரித்து டப்பாவில் போட்டுவிட்டால் அங்கே யாருக்கும் எது எது என்று தெரியாது. அப்புறம், கணக்கு எழுதிய தாளையும் உள்ளே வையுங்கள். போன மாதம் ஒருவர் ஊரிலிருந்து எனக்கு வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினார். நாட்காட்டித் தாளின் பின்புறம், பென்சிலில் ஆறு வரி: மாத்திரையின் பெயர், வேளை, தீரும் தேதி. அதைப் பார்த்தே அங்கிருந்த கடைக்காரர் எல்லாவற்றையும் சரியாக எடுத்துக்கொடுத்துவிட்டாராம்.